முன்னிலை 3 சதவீதம், பிழை வரம்பு 2.8: அந்த விடை தப்பு

போன வாரம் மயூர் விஹாரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கிறாள். "அங்கிள், நீங்க சர்வே வேலைதானே பாக்கறீங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று திருத்தி வந்த விடைத்தாளை நீட்டினாள். கேள்வி இதுதான்: 1,200 வாக்காளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 'அ' கட்சிக்கு 44 சதவீதம், 'ஆ' கட்சிக்கு 41 சதவீதம், பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 2.8. 'அ' முன்னிலையில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாமா?

"சொல்லலாம், 3 என்பது 2.8-ஐ விடப் பெரியது" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதே தப்பை டிவி விவாதத்தில் கேட்கிறேன், வாட்ஸ்அப் குழுவில் படிக்கிறேன். இப்போது ஆசிரியர் கையிலிருக்கும் விடைக்குறிப்பிலேயே அது ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 2.8 ஒரு கட்சியின் ஆதரவு சதவீதத்துக்கான வரம்பு. 44 என்பது 41.2-க்கும் 46.8-க்கும் நடுவில் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். இரண்டு கட்சிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு அது பொருந்தாது. வித்தியாசத்துக்கு வேறு வரம்பு உண்டு, அது இதைவிடப் பெரியது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஏன் என்று ஆட்களை வைத்தே பார்த்துவிடலாம். 1,200 பேரில் 44 சதவீதம் என்றால் 528 பேர், 41 சதவீதம் என்றால் 492 பேர். வித்தியாசம் 36 பேர். தற்செயலாக நம் பட்டியலில் 'ஆ' ஆதரவாளர் 18 பேருக்குப் பதிலாக 'அ' ஆதரவாளர் 18 பேர் விழுந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் 510 ஆகிவிடும். முப்பத்தாறு பேர் மாற வேண்டியதில்லை, 18 பேர் போதும். ஒருவரை இந்தப் பக்கம் கூடுதலாக எண்ணினால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒருவர் குறைகிறார், இடைவெளி இரண்டு நகர்கிறது. ஒரு தப்பு இரண்டு இடத்தில் கணக்காகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு, p1, p2 இரண்டு கட்சிகளின் பங்கு, n எத்தனை பேர்:

```
1.96 × √((p1 + p2 − (p1 − p2)²) / n)
```

0.44, 0.41, 1,200 என்று போட்டுப் பாருங்கள், 5.2 சதவீதம் வரும். ஆக, 'அ'வின் முன்னிலை 3, அதற்கான வரம்பு 5.2. உண்மை நிலவரம் 'அ' 8 சதவீதம் முன்னால் என்பதாகவும் இருக்கலாம், 'ஆ' 2 சதவீதம் முன்னால் என்பதாகவும் இருக்கலாம்.

இதைச் சொன்னதும் அவள், "அப்போ ரெண்டும் சமம்னு எழுதணுமா?" என்று கேட்டாள். அதுவும் கூடாதம்மா. வரம்புக்குள் இருப்பதாலேயே சமம் ஆகிவிடாது. வேறு எந்தத் தகவலும் இல்லாமல் இந்த எண்ணை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் 'அ' மேல்தான் கட்டுவேன், நூற்றுக்கு ஏறக்குறைய 87 என்ற நம்பிக்கையோடு. அது சாய்வு. ஆனால் உறுதி என்று சொல்ல நாங்கள் வைத்திருக்கும் கோடு 95. 'அ' முன்னால் இருப்பதாகத் தெரிகிறது, உறுதியில்லை என்பதற்கு மேல் ஒரு சொல்கூட எழுதக் கூடாது.

விடைத்தாளின் அடுத்த பகுதி இன்னும் மோசம். அதே 1,200 பேரில் 18 முதல் 25 வயதுக்காரர்கள் 150 பேர். அவர்களில் 'அ'வுக்கு 38, 'ஆ'வுக்கு 46. "இளைஞர்கள் 'ஆ' பக்கம் சாய்ந்துவிட்டனர்" என்பது விடை. அச்சிட்டிருந்த 2.8 மொத்த 1,200 பேருக்கானது, இந்த 150 பேருக்கு அல்ல. இவர்களுக்கு ஒரு கட்சியின் வரம்பே 8, வித்தியாசத்தின் வரம்பு 15-ஐ நெருங்குகிறது. ஆட்கணக்கில் 57 பேருக்கு 69 பேர். ஆறு பேர் இடம் மாறினால் தீர்ந்தது. சாதி, வயது, தொகுதி என்று உடைத்துப் போடும் பட்டைப் படங்களில் பாதி இப்படிப்பட்டவைதான். பிரிவுக்கு எத்தனை பேர் என்று கீழே போடவில்லை என்றால் அந்தப் படத்தைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இங்கே டெல்லியில் 2025 சட்டமன்றத் தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். பாஜகவுக்கு 45.6 சதவீதம், ஆம் ஆத்மிக்கு 43.6. இடைவெளி இரண்டே சதவீதம். இடங்களோ 48-க்கு 22. நம்முடைய 1,200 பேர் கணிப்பு எவ்வளவு நேர்மையாக எடுத்ததாக இருந்தாலும் இந்த இடைவெளியைப் பிடித்துக்காட்ட முடியாது. இரண்டு சதவீதத்தை உறுதியாகச் சொல்ல 8,500 பேருக்கு மேல் வேண்டும். வாக்கில் இந்தச் சின்ன வித்தியாசம் இடங்களில் இவ்வளவு பெரிதாகிவிடுவதால், இடங்களைக் கணிக்கும் வரிக்கு 2.8 என்ற எண் எந்த விதத்திலும் காப்பு இல்லை.

மேலே போட்ட கணக்கெல்லாம் 1,200 பேரைக் குலுக்கல் முறையில் தனித்தனியாக எடுத்ததாக நினைத்துப் போட்டது. களத்தில் நாங்கள் அப்படி எடுப்பதில்லை. 30 வாக்குச்சாவடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் 40 பேரைப் பார்ப்போம். ஒரே தெருக்காரர்கள் பெரும்பாலும் ஒத்த மாதிரி ஓட்டுப் போடுவார்கள், அதனால் 40 பேரின் பதிலில் 40 பேருக்குரிய தகவல் இருக்காது. இதனால் வரம்பு எளிதில் ஒன்றரை மடங்கை நெருங்கும். 5.2 என்று போட்ட வித்தியாச வரம்பு 7-ஐத் தாண்டிவிடும். அச்சில் வரும் எண்ணில் பல நேரம் இதைச் சேர்ப்பதில்லை.

பதில் சொல்லாதவர்கள் இந்த வரம்புக்குள்ளேயே வரமாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டைத் தாண்ட எங்கள் பையன்களைக் காவலாளி விடுவதில்லை. பகலில் போனால் வேலைக்குப் போனவர்கள் கிடைக்க மாட்டார்கள். பயத்தில் வேறு கட்சியைச் சொல்கிறவர்களும் உண்டு. ஆட்களைக் கூட்டினால் இந்தப் பிழை குறையாது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கு முடிந்ததும் வந்த கணிப்புகளில் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. வந்தது 293.

இனி ஒரு கணிப்பைப் பார்த்தால் முதலில் எத்தனை பேர் என்று தேடுங்கள். போட்டிருக்கும் வரம்பை இரண்டால் பெருக்குங்கள். முன்னிலை அதைவிடச் சின்னதாக இருந்தால் "உறுதி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றவர்களை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அவர்களைத் தூக்கிவிட்டு மீதியை நூறாக்கியிருந்தால் 44 என்பதே வேறு எண்.

பாடம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விடைக்குறிப்பை மாற்றுங்கள். அந்தப் பெண் தாளின் ஓரத்தில் பென்சிலால் 528, 492, நடுவே 18 என்று எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை ஆசிரியரிடம் எடுத்துப்போய்க் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறாள், முழு மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை என்று.