தையலோரத்து எழுத்துகள்

மூர் மார்க்கெட்டில் வாங்கிய, தையல் இறுகிய பழைய நூல் ஒன்றைக் கைபேசியில் படமெடுத்துத் தேடத்தக்க பிடிஎஃப் ஆக்கியபோது, பக்கத்தின் நடுவிலிருந்த ‘என்று’ தேடலில் சிக்கியது. தையலோரத்து ‘என்று’ சிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் 120 பிக்சல் அகலமிருந்த சொல் ஓரத்தில் 60 பிக்சலுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. தாள் அங்கே கேமராவுக்கு ஏறத்தாழ 60 பாகை சாய்ந்திருந்தது என்பதே இதன் பொருள். அந்தச் சாய்வில் எந்த அகலமும் பாதியாகத்தான் தெரியும்.

தாள் வளையுமே தவிர நீளாது; திறந்த நூலில் அது பெரும்பாலும் ஒரே திசையில்தான் வளைகிறது. ஆகவே தையலுக்கு இணையாக மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தால் அது நேராகவே இருக்கும். குறுக்குவெட்டில் தெரியும் ஒற்றை வளைவை அறிந்தால் பக்கம் முழுவதையும் அறிந்ததாகும். அந்த வளைவை வரிகளே காட்டிக்கொடுக்கின்றன. தையலோரம் பள்ளத்தில், கேமராவிலிருந்து தொலைவில் இருப்பதால், அங்கே மேல்வரிகள் கீழ்நோக்கியும் கீழ்வரிகள் மேல்நோக்கியும் படத்தின் நடுவை நோக்கி வளைகின்றன. லென்ஸுக்கு நேரெதிரே உள்ள வரியோ ஏறக்குறைய நேராகவே நிற்கிறது. மென்பொருள் வரிகளின்மேல் புள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு வளைவையும் கேமராவின் நிலையையும் ஊகித்து, அந்த ஊகத்தின்படி வரிகள் எங்கே விழும் என்று கணக்கிட்டு, உண்மைப் புள்ளிகளுடனான வேறுபாடு மிகக் குறையும்வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகிறது.

இதன்பின் செய்ய வேண்டியது பாய் விரிப்பதைப் போன்றது: வளைவின் நெடுகிலும் தாளின் நீளத்தை அளந்து, சம இடைவெளியில் நிறங்களை எடுத்துத் தட்டையான படத்தில் இட வேண்டும். ஏமாறும் இடமும் இதுவே. சில எளிய கருவிகள் படத்தின் ஒவ்வொரு பிக்சல் நெடுக்கையையும் மேலும் கீழும் நகர்த்தி வரிகளை நேராக்குவதோடு நின்றுவிடுகின்றன. பார்வைக்குப் பக்கம் சீராகத் தோன்றினாலும் ‘என்று’ அதே 60 பிக்சலில்தான் இருக்கும். ஒரே சொல்லை நடுவிலும் ஓரத்திலும் அளந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தட்டையாக்கிய பிறகே எழுத்துணரியை ஓட்ட வேண்டும். இல்லையெனில் தேடலுக்காகப் பிடிஎஃப்பில் மறைந்திருக்கும் எழுத்தடுக்கு படத்தோடு பொருந்தாது.

```
tesseract p042.png p042 -l tam --dpi 400 pdf
pdftotext p042.pdf - | grep 'என்று'
```

அகலம் சரியான பின்பும் என் பக்கத்தில் ‘என்று’ ‘எனறு’ என்றே வந்தது. நடுவில் அங்குலத்துக்கு 400 பிக்சல் இருந்தாலும் ஓரத்தில் குறுக்குவாட்டில் கிடைத்தது 200தான். இழுத்து விரிப்பதால் படத்தில் பதியாத நுணுக்கம் பிறந்துவிடாது. தமிழில் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. அதுவும் தையலின் நிழல் விழுந்துவிட்டால், படம் முழுவதற்கும் ஒரே அளவுகோலால் கறுப்பு வெள்ளையாக்கும்போது புள்ளி அடியோடு தொலைந்துபோகிறது. ஆங்காங்கே சுற்றுப்புற ஒளிக்கேற்ப அந்த அளவுகோலை மாற்றும் முறையே இங்கு உதவும். கடைசியில் நூலை அரைகுறையாகத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனியே, கைபேசியை ஓரத்துச் சரிவுக்கு எதிர்முகமாகச் சாய்த்து மீண்டும் எடுத்தேன். இம்முறை சொல் விரிப்பதற்கு முன்பே 95 பிக்சல் இருந்தது. ‘ன்’ புள்ளியோடு வந்தது.