வாசல் பக்கம் எந்தச் சரக்கு? குடோனில் நடையைக் குறைக்கும் கணக்கு

ரேக்கிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுக்கப் பத்து நொடி போதும். வாசல் பக்கம் இருக்கும் பேக்கிங் மேசையிலிருந்து அந்த ரேக் 55 மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப 110 மீட்டர். ட்ராலியோடு நடப்பவரின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். பத்து நொடி வேலைக்கு 110 நொடி நடை. பில் பார்த்துச் சரக்கு எடுக்கும் வேலையில் பாதிக்கு மேல் நடையிலேயே போகிறது என்று இந்தத் துறையின் பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

பெங்களூரு பொம்மசந்திரா பக்கம் இருசக்கர வாகன உதிரிபாகம் சப்ளை செய்யும் ஒரு குடோனை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மெக்கானிக் கடைகளிலிருந்து ஆர்டர் வரும். பெரும்பாலான பில்லில் ஒன்றிரண்டு ஐட்டம்தான். 600 ஐட்டத்தோடு தொடங்கியது இப்போது 1,800-ஐத் தொட்டிருக்கிறது. சின்னதாக இருந்தபோது "ஆயில் ரேக்", "கேபிள் மூலை" என்று வாய்வழி அடையாளமே போதுமாக இருந்தது. இப்போது ஆயில் மூன்று இடத்தில் கிடக்கிறது. ஓசூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு எது ஆயில் ரேக் என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முகவரி. துறையில் இதற்கு 'பின்' என்றே பெயர். ஆனால் தமிழ் பேசும் ஆட்கள் இருக்கும் குடோனில் "அந்தச் சரக்கு பின்ல இருக்கு" என்றால் பாதிப் பேர் பின்பக்கம் போய்விடுவார்கள். ஆகவே இங்கே லொகேஷன் என்றே சொல்வோம்.

லொகேஷன் குறியீடு இடத்தை மட்டும் சொல்ல வேண்டும், சரக்கின் பெயரைச் சொல்லக் கூடாது. `A-03-12-B` என்றால் A பகுதி, 3-ஆவது சந்து, 12-ஆவது கட்டம், தரையிலிருந்து இரண்டாவது தட்டு. இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் மட்டுமே இருப்பதால் தமிழ், கன்னடம், இந்தி பேசும் எல்லோரும் ஒரே மாதிரி படிப்பார்கள். 1, 0 என்ற எண்களோடு குழம்பும் I, O எழுத்துகளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

முன்னால் இருக்கும் பூஜ்யத்தை அலங்காரம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் இந்தக் குறியீட்டை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்த்து வரிசைப்படுத்துகிறது. பூஜ்யம் இல்லாவிட்டால் எடுக்க வேண்டிய பட்டியல் இப்படி வரும்:

```
A-3-1
A-3-10
A-3-11
A-3-2
```

பட்டியலை நம்பி நடப்பவர் 11-ஆவது கட்டம் வரை போய், மறுபடி இரண்டுக்குத் திரும்பி வருவார். `02`, `10` என்று ஒரே நீளத்தில் எழுதினால் பட்டியலின் வரிசையே நடக்கும் பாதையாகிவிடும். குறுகிய சந்தில் இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை என்று எண் கொடுத்தால், ஒரே நடையில் இருபுறமும் எடுத்துக்கொண்டு போகலாம். குடோன் வளரும் என்று தெரிந்தால் சந்துகளை 10, 20, 30 என்று எண்ணிடுங்கள். நடுவில் ஒரு ரேக் போட நேர்ந்தால் 15 கைவசம் இருக்கும். பழைய லேபிள் ஒன்றையும் கிழிக்க வேண்டாம்.

முகவரி தயாரானதும் வருவதுதான் உண்மையான கேள்வி: வாசல் பக்க இடம் யாருக்கு? "அதிகம் விற்பதற்கு" என்பதே எல்லோருடைய பதில். இதில் இரண்டு பிசகு இருக்கிறது.

முதல் பிசகு எண்ணிக்கையில். ஒரே பில்லில் 200 நட்டு போனால் அது ஒரு நடை. 40 பில்லில் ஒவ்வொரு கேபிள் போனால் அது 40 நடை. எண்ண வேண்டியது பீஸை அல்ல, பில் வரிகளை. எக்செலில் விற்பனைப் பட்டியலின் B பத்தியில் ஐட்டம் கோடும், F2-வில் நீங்கள் தேடும் கோடும் இருந்தால், `=COUNTIFS(B:B,F2)` வரிகளை எண்ணும். பழக்கத்தில் `SUMIFS` போட்டுப் பீஸைக் கூட்டிவிட்டால், யாரும் அடிக்கடி தேடி வராத நட்டு வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது பிசகு, சரக்கு அடைக்கும் இடத்தை மறப்பது. 1963-இல் அமெரிக்கரான ஜே. எல். ஹெஸ்கெட் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார்: ஒரு ஐட்டத்துக்குத் தேவைப்படும் இடத்தை, அதைத் தேடிப் போகும் தடவைகளால் வகுக்க வேண்டும். விடை எவ்வளவு சின்னதோ, அவ்வளவு வாசலுக்கு அருகில். இதையே தலைகீழாக, 'ஒரு லொகேஷனுக்கு மாதம் எத்தனை நடை' என்று கேட்டால் மனதில் சட்டென்று நிற்கும்.

நம் குடோனில் முன்பக்கம் 14 லொகேஷன் இருக்கிறது, போய்வர 30 மீட்டர். பின்பக்கம் போய்வர 110 மீட்டர். ஐந்து ஐட்டத்தின் ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ஆயிலுக்கு 420 நடை, ஆனால் அது 14 லொகேஷன் அடைக்கும். ஸ்பார்க் பிளக் 360 நடை, ஒரே லொகேஷன். பிரேக் ஷூ 300 நடை, மூன்று. ஏர் ஃபில்டர் 200 நடை, ஐந்து. கிளட்ச் கேபிள் 180 நடை, ஒன்று.

நடை அதிகம் என்று ஆயிலை முன்னால் வைத்தால் அதுவே 14 இடத்தையும் விழுங்கிவிடும். மற்ற நான்குக்குமான 1,040 நடையும் பின்பக்கம். மொத்தம் மாதம் 127 கிலோமீட்டர்.

இப்போது ஒரு லொகேஷனுக்கு எத்தனை நடை என்று பாருங்கள். பிளக் 360, கேபிள் 180, ஷூ 100, ஃபில்டர் 40, ஆயில் வெறும் 30. முதல் நான்கும் பத்து லொகேஷனில் அடங்கிவிடும். அவற்றை முன்னால் வைத்து ஆயிலைப் பின்னால் தள்ளினால் 77.4 கிலோமீட்டர். மிச்சம் நான்கு லொகேஷன் காலியாகக் கிடக்கிறது. அதில் ஆயிலின் ஒரு நாள் தேவையை மட்டும் வையுங்கள். மீதி பத்து லொகேஷன் ஆயில் பின்னால் இருப்பாக நிற்கட்டும். பில்லுக்கு எடுப்பது எல்லாம் முன்னாலிருந்து. தினம் ஒருமுறை, பில் வருவதற்கு முன் காலையில், பாலெட் ட்ரக்கில் பின்னாலிருந்து நிரப்பிவிடலாம். 1,460 நடையும் 30 மீட்டராகிறது: 43.8 கிலோமீட்டர். நிரப்பும் நடை 25 நாளுக்கு 2 கிலோமீட்டர். ஆக 45.8. முதல் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் மாதம் 22 மணி நேரத்துக்கு மேல் மிச்சம், அதுவும் ஐந்தே ஐட்டத்தில்.

இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் லோடு வந்து இறங்கும் நேரம். சரக்கை அடுக்குபவருக்கு, இறக்கிய இடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் லொகேஷனே வசதி. ஆனால் பெட்டியை உள்ளே வைப்பது ஒரு நடை, அதிலிருந்து எடுப்பது இருபது நடை. வைப்பவர் கொஞ்சம் கூடுதலாக நடந்தாலும் எடுப்பவர் குறைவாக நடக்க வேண்டும். இந்த முடிவை அடுக்குபவரின் மனசுக்கு விடாமல், ஸ்கேனர் திரையோ சீட்டோ சொல்ல வேண்டும்.

சொல்லும் வரிசை இப்படி இருக்கலாம். முன்னால் இருக்கும் இடம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் அதை நிரப்பு. பிறகு, அதே ஐட்டம், அதே பேட்ச் இருக்கும் லொகேஷனில் இடம் இருந்தால் அங்கே சேர். அதுவும் இல்லையென்றால், அந்த ஐட்டத்தின் பகுதியில் பெட்டி கொள்ளும் லொகேஷன்களில் மிகச் சின்னதை எடு. காலியாக இருக்கிறதே என்று பெரியதை எடுத்தால், அடுத்து வரும் சைலன்சர் பெட்டிக்கு இடம் இருக்காது. பகுதி நிறைந்துவிட்டால் ஒரு படி பின்னால் போ. ஒருபோதும் முன்னால் வராதே.

முதல் விதியில் ஒரு கண்ணி இருக்கிறது. பின்னால் பழைய பேட்ச் ஆயில் இருக்கும்போது, இன்று வந்ததை நேராக முன்னால் நிரப்பினால் புதியது முதலில் விற்றுப்போகும், பழையது அங்கேயே வயசாகும். பின்னால் பழையது இருந்தால் அது முன்னால் வரட்டும், புதியது பின்னால் போகட்டும். ஒரு லொகேஷனில் இரண்டு பேட்சைக் கலக்காமல் இருந்தால்தான் இதைச் செய்யவே முடியும்.

'ஒருபோதும் முன்னால் வராதே' என்ற கடைசி விதிதான் அதிகம் மீறப்படுவது. சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி வரும், எல்லோருக்கும் பஸ் பிடிக்க வேண்டும், "இப்போதைக்கு இங்க வச்சுக்கலாம், காலைல மாத்திக்கலாம்" என்று பெட்டிகள் முன் ரேக்கில் ஏறும். காலையில் பில் வந்துவிடும். மாற்ற ஆள் இருக்காது. நிலைமை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க வாரம் ஒருமுறை ஒரே பட்டியல் போதும்: முன்பக்க லொகேஷன்களில் கடந்த 30 நாளில் ஒரு தடவைகூட யாரும் எடுக்காதவை எவை? பட்டியல் நீண்டுகொண்டே போனால் விதி காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். லாரிக்கு ஆறு மணிக்குப் பதில் நான்கு மணி என்று நேரம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். இறக்குமிடத்திலேயே 'அடுக்காதது' என்று தனி லொகேஷன் ஒன்றை ஒதுக்கினால், மிச்சம் இருப்பதை இரவு அங்கே நேர்மையாகக் கணக்கில் காட்டலாம்.

இன்னொரு தொந்தரவு, பெட்டி அளவு. ஒரு லொகேஷனில் ஆறு அட்டைப்பெட்டி கொள்ளும் என்று கம்ப்யூட்டரில் ஐட்ட விவரம் இருக்கும் மாஸ்டரில் பதிந்திருக்கும். கம்பெனி பெட்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருப்பான், நான்குதான் கொள்ளும். மிச்சம் இரண்டையும் ஆள் பக்கத்து லொகேஷனில் திணித்துவிடுவார். கணக்கில் ஓரிடம், கண்ணெதிரே வேறிடம். பில்லில் 'ஸ்டாக் இருக்கு' என்று காட்டும் ஐட்டத்தைத் தேடி அலையும் நடை இங்கேதான் பிறக்கிறது. புது லோடில் முதல் பெட்டியை டேப் வைத்து அளப்பது ஒரு நிமிட வேலை.

உயரத்தையும் தூரமாகவே எண்ணுங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுதான் சந்தின் முதல்தர இடம். ஏணி தேடி எடுத்து வர வேண்டிய மேல் தட்டு, வாசலில் இருந்தாலும் தொலைவுதான். இருபது லிட்டர் ஆயில் பெட்டி 18 கிலோ அளவுக்கு வரும். அதை மேல் தட்டில் வைக்கவே கூடாது.

அதேபோல, வேகமாகப் போகும் எல்லாவற்றையும் ஒரே சந்தில் குவித்தால் மூன்று ட்ராலி எதிரெதிரே நின்றுவிடும். மேசைக்கு அருகிலுள்ள நான்கைந்து சந்துகளின் முன்முனையில் அவற்றைப் பிரித்து வைப்பது மேல். ஒரு பில்லில் பத்துப் பன்னிரண்டு ஐட்டம் வரும் குடோனில் மேலே போட்ட கணக்கு இவ்வளவு பலிக்காது. அங்கே ஆள் எப்படியும் பாதிச் சந்துகளைச் சுற்றுவார். கிளட்ச் கேபிளோடு கிளட்ச் லிவர் மாதிரி, சேர்ந்து போகும் ஐட்டங்களைச் சேர்த்து வைப்பதுதான் பலன் தரும்.

எந்த ஐட்டம் எங்கே என்பதும் நிலையாக இருக்காது. மழைக்காலத்தில் பிரேக் ஷூ ஏறும், ஆயுத பூஜைக்கு முன் சர்வீஸ் சாமான் ஏறும். மாதம் ஒருமுறை நடைக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் உடனே ரேக்கைக் கலைக்கத் தேவையில்லை, ஏனென்றால் மாற்றுவதற்கும் நடைதான் செலவு. ஒரு லொகேஷனைக் காலி செய்து, வேறிடத்தில் அடுக்கி, ஸ்கேன் செய்யப் பத்து நிமிடம் என்று வையுங்கள். பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒரு நடைக்கு 80 நொடி மிச்சம். மாதம் எட்டு நடைகூட இல்லாத ஐட்டத்தை மாற்றினால் அந்த மாதம் நஷ்டம்தான். முப்பது நடை இருந்தால் நாற்பது நிமிடம் மிச்சம்; அதைக் கையோடு மாற்றலாம். இடைப்பட்டவற்றுக்கு மாஸ்டரில் பகுதியை மட்டும் மாற்றிவிடுங்கள். பழைய இடத்துச் சரக்கு விற்றுத் தீரட்டும். அடுத்த லோடு வரும்போது ஸ்கேனர் தானாகப் புது இடத்தைக் காட்டும்.