மணலில் சுவர் அஸ்திவாரம்: தாங்குதிறன் சூத்திரத்தில் எந்த உறுப்பு எப்போது கைவிடும்?

சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய மணல் மனைகளில் வீடு கட்டுவோர் பலர், மண் பரிசோதனை அறிக்கையில் ஒரே ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்கள்: சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும்? அந்த எண்ணை மண்ணின் நிலையான குணம் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. மண்ணின் உராய்வு, அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், நிலத்தடி நீர்மட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து தரும் விடை அது. மழைக்காலத்தில் ஒன்று மாறும். பக்கத்து மனையில் பள்ளம் தோண்டினால் இன்னொன்று மாறும். விடையும் கூடவே மாறும்.

சுவருக்கு அடியில் நீளமாக ஓடும் பட்டை அஸ்திவாரத்துக்கு மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி 1943-இல் தந்த வடிவம் இது:

```
qu = c·Nc + q·Nq + 0.5·γ·B·Nγ
```

qu என்பது மண் உடைந்து நகரும் தறுவாயில் அஸ்திவாரத்தின் அடியில் இருக்கும் அழுத்தம். வலப்பக்கத்தில் உள்ள மூன்று உறுப்புகளும் அந்த நகர்வை எதிர்க்கும் மூன்று காரணங்கள். சுமை அளவு மீறும்போது அஸ்திவாரத்துக்கு நேர் கீழே உள்ள ஆப்பு வடிவ மண் கீழே இறங்கும். அது இருபுறமும் உள்ள மண்ணைத் தள்ளும். தள்ளப்பட்ட மண் வளைந்து மேலெழும்பப் பார்க்கும். இந்த மூன்று அசைவுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதல் உறுப்பில் c என்பது மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிணைப்பு. சுத்தமான மணலில் அது பூஜ்ஜியம். ஆனால் களத்தில் ஒரு ஏமாற்று உண்டு. ஈரமான மணலில் தோண்டிய குழியின் பக்கம் செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்து 'கொஞ்சம் பிணைப்பு இருக்கிறது' என்று கணக்கில் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் சேர்ப்பவர்கள் உண்டு. மண்ணின் உராய்வை அளக்கும் உராய்வுக் கோணம் 30 பாகை என்றால், c-ஐப் பெருக்கும் Nc என்ற எண்ணின் மதிப்பு 30.14. ஆகவே அந்த ஐந்து, 150 கிலோநியூட்டன் கூடுதல் வலிமையாக விடையில் வந்து உட்காரும். உண்மையில் குழியின் பக்கத்தை நிறுத்தியது துகள்களுக்கு இடையே உள்ள சிறு நீர்ப்படலத்தின் இழுவிசை மட்டுமே. மணல் முழுதாக நனைந்தாலும் முழுதாகக் காய்ந்தாலும் அது போய்விடும். மணலில் c-ஐ பூஜ்ஜியமாகவே வையுங்கள்.

இரண்டாவது உறுப்பு மேலெழும்பப் பார்க்கும் மண்ணின் தலையில் இருக்கும் பாரம். q என்பது அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்கு மேலே, இருபுறமும் உள்ள மண்ணின் எடை: ஒரு கன மீட்டர் மண்ணின் எடையான γ-வை ஆழத்தால் பெருக்கினால் கிடைப்பது. இந்த மண் அங்கே இருக்கும் வரைதான் இந்த உறுப்பும் இருக்கும்.

மூன்றாவது, உடைந்து நகர வேண்டிய மண்ணின் சொந்த எடையும் அது உண்டாக்கும் உராய்வும். அகலம் B இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. அகலம் இரண்டு மடங்கானால் நகர வேண்டிய மண்ணின் அகலமும் ஆழமும் இரண்டு மடங்காகி, அதன் எடை நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை இரு மடங்கு அகலத்தில் பகிர்ந்தால் அழுத்தக் கணக்கில் இரு மடங்கு மிஞ்சும். அதனால்தான் மணலில் அகலமான அஸ்திவாரம் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கூடுதலாகத் தாங்குகிறது. ஆனால் அகலம் கூடக்கூட மண் உடைவதற்கு முன்பே அமிழ்வு அளவு மீறிவிடும். அமிழ்வுக் கணக்கைத் தனியாகப் பார்க்காமல் இந்த உறுப்பை மட்டும் நம்பி அகலத்தைக் கூட்டக் கூடாது.

Nq, Nγ இரண்டும் உராய்வுக் கோணத்தை மட்டுமே சார்ந்த எண்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6403-இன் அட்டவணைப்படி 30 பாகைக்கு Nq 18.4, Nγ 22.4. அதுவே 35 பாகைக்கு 33.3, 48.03. ஐந்து பாகை வித்தியாசத்தில் ஒன்று ஏறக்குறைய இரு மடங்காகிறது, மற்றது இரு மடங்கைத் தாண்டுகிறது. கோணம் பெரும்பாலும், துளைக்குள் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்க எத்தனை அடி தேவை என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனையின் எண்ணிலிருந்து ஊகிக்கப்படுவதால், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பது அவசியம். துளைக்குள் நீர்மட்டம் வெளியே உள்ளதைவிடத் தாழ்ந்திருந்தால் அடி மணல் கொதித்துத் தளர்ந்து எண் குறையும். மாறாக, நீருக்கு அடியில் உள்ள செறிவான நுண்மணலில் எண் பொய்யாக உயரும். அங்கே 15-க்கு மேல் உள்ள பகுதியில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் திருத்தம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். டெர்சாகியின் அசல் அட்டவணையில் எண்கள் வேறு. ஓர் எண்ணை அதிலிருந்தும் மற்றதை ஐ.எஸ். அட்டவணையிலிருந்தும் எடுத்துக் கலக்கக் கூடாது.

இப்போது ஒரு கணக்கு. அகலம் 1.2 மீட்டர், ஆழம் 1 மீட்டர், உராய்வுக் கோணம் 30 பாகை, நீர்மட்டத்துக்கு மேல் மணலின் எடை கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன். கோடையில் நீர் ஆழத்தில் இருக்கிறது. தோண்டி எடுத்த மண்ணின் எடையைக் கழித்து நிகரத் தாங்குதிறன் காண Nq-க்குப் பதில் Nq − 1 வரும். பாதுகாப்புக்காகக் கடைசியில் 3-ஆல் வகுக்கிறோம்:

```
இரண்டாம் உறுப்பு : 17 × 1 × 17.4            = 296
மூன்றாம் உறுப்பு  : 0.5 × 17 × 1.2 × 22.4    = 228
நிகர உடைவு        : 524 kN/m²
3-ஆல் வகுத்தால்   : 175 kN/m²
```

சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17.8 டன். பல அறிக்கைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் இந்தச் சூத்திரம் செறிவான மணலுக்கானது. அதில்தான் மண் முழு வடிவத்தில் உடைந்து பக்கவாட்டில் எழும்பும். தளர்ந்த மணலில் அடி மண் நசுங்கி உள்ளே இறங்குமே தவிர, உடைவு முழுமையாகப் பரவாது. ஐ.எஸ். 6403 இதற்கு ஒரு வழி சொல்கிறது: மணல் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதைக் காட்டும் சார்பு அடர்த்தி 70 சதவீதத்துக்கு மேல் என்றால் மேலே உள்ள கணக்கு, 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கோணத்தின் டேன்ஜெண்ட்டை மூன்றில் இரண்டாகக் குறைத்த கணக்கு, நடுவே இருந்தால் இரண்டுக்கும் இடையே விகிதப்படி. கோணம் 30 பாகையிலிருந்து இப்படி 21 பாகையாகக் குறைந்தால் Nq வெறும் 7.07, Nγ 6.2. அப்போது 175 இருந்த இடத்தில் 55 மட்டுமே கிடைக்கும். 30 பாகை காட்டும் மணல் பெரும்பாலும் நடுத்தரச் செறிவில்தான் இருக்கும். சார்பு அடர்த்தி 50 சதவீதம் என்று கொண்டால் விடை 127. கோடைக்கு இதுவே நேர்மையான எண்.

வடகிழக்குப் பருவமழையில் நீர் தரைமட்டம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் உராய்வுக் கோணம் ஏறக்குறைய மாறாது. மாறுவது எடை. மூழ்கிய மணலின் பயனுள்ள எடை, மிதப்பு விசை போக, கன மீட்டருக்குச் சுமார் 10 கிலோநியூட்டன். இரண்டாம் உறுப்பில் உள்ள பாரமும் மூன்றாம் உறுப்பில் உள்ள எடையும் ஒருசேரக் குறைவதால் 127 இருந்த இடத்தில் 75 வரும். நீர் அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை மட்டும் ஏறினால் மூன்றாம் உறுப்புதான் குறையும். அடிமட்டத்துக்குக் கீழே B அளவு ஆழத்துக்கு அப்பால் நீர் இருந்தால் குறைப்பே தேவையில்லை என்பது ஐ.எஸ். 6403-இன் விதி. ஏப்ரலில் துளையிட்டு எழுதிய நீர்மட்டத்தை அப்படியே கணக்கில் போட்டால் இந்த வித்தியாசம் முழுவதும் மறைந்துபோகும். பக்கத்துக் கிணறுகளில் டிசம்பரில் நீர் எதுவரை ஏறும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் சரி.

இந்தச் சுவர் அடிமண்ணுக்குத் தரும் நிகர அழுத்தம் 90 என்று கொள்வோம். 3-ஆல் வகுக்கும் முன் உள்ள உடைவு அழுத்தத்தை இதனால் வகுத்தால் கோடையில் பாதுகாப்பு விகிதம் 4-க்கு மேல். மழைக்காலத்தில் 2.5. வீடு விழாது, ஆனால் திட்டமிட்ட 3 போய்விட்டது. பலர் அறியாமலேயே இந்த நிலையில் வாழ்கிறார்கள்.

பெரிய ஆபத்து அடுத்த மனையிலிருந்து வருகிறது. சுவரை ஒட்டி, நம் அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை நீளமாகப் பள்ளம் வெட்டினால் அந்தப் பக்கத்தில் தலையில் இருந்த மண் காணாமல் போகிறது. q பூஜ்ஜியம், இரண்டாம் உறுப்பும் பூஜ்ஜியம். மறுபக்கத்தில் மண் அப்படியே இருந்தும் பயனில்லை, ஏனெனில் மண் எளிதான பக்கமாகவே நகரும். நீர் மேலே இருக்கும் நாளில் இதே அடர்த்திக்கு மூன்றாம் உறுப்பு மட்டும் தரும் உடைவு அழுத்தம் சுமார் 95. சுவர் தருவது 90. விகிதம் ஒன்றைத் தொட்டு நிற்கிறது. பள்ளத்துக்குள் மோட்டார் வைத்து நீரை இறைத்தால் மணலுக்குள் நீர் மேல்நோக்கி ஓடும். அது மிச்சமிருக்கும் எடையையும் குறைக்கும். இறைத்த நீரில் மணல் கலந்து வருவதும், பள்ளத்தின் அடியில் சிறு குமிழ்கள்போல மணல் கொப்பளிப்பதும்தான் முதல் அறிகுறிகள். அப்போதே மோட்டாரை நிறுத்திப் பள்ளத்தில் மண் நிரப்ப வேண்டும். சுவரில் வெடிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பள்ளம் எவ்வளவு தொலைவில் இருந்தால் கவலையில்லை என்பதையும் இதே உடைவு வடிவமே சொல்கிறது. 30 பாகை மணலில் மேலெழும்பும் மண், அஸ்திவாரத்தின் விளிம்பிலிருந்து அகலத்தைப்போல ஏறக்குறைய 4.3 மடங்கு தூரம் வரை பரவும். நம் 1.2 மீட்டர் அஸ்திவாரத்துக்கு அது சுமார் 5 மீட்டர். அதற்குள் தோண்டும் எந்தப் பள்ளமும் இரண்டாம் உறுப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நெருங்கித் தோண்டியே ஆக வேண்டும் என்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டுங்கள். ஒரு துண்டில் கான்கிரீட் போட்டு மண் நிரப்பிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பள்ளத்துக்குள் இறைப்பதற்குப் பதில், பள்ளத்துக்கு வெளியே வடிகட்டியுடன் குழாய்கள் இறக்கி, தோண்டும் முன்பே நீர்மட்டத்தை அடிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருக்க முடியுமானால் அதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.