கிணற்றில் ஏறிய எட்டு மீட்டர்

போன மாதம் என் கையெழுத்துக்கு ஓர் அறிக்கை வந்தது. மேற்கு மாவட்டம் ஒன்றில், 300 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு கிராமத்தில் இரண்டு தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். மே மாதம் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து 17.4 மீட்டர் ஆழத்தில் இருந்தது, ஜனவரியில் 9.4 மீட்டர். ஆக எட்டு மீட்டர் உயர்வு. அதை 300 ஹெக்டேரால் பெருக்கி, "தடுப்பணைகளால் நிலத்தடியில் சேர்ந்த நீர் 2,400 கோடி லிட்டர்" என்று அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். இந்த வருடம் நான் பார்த்த இதே மாதிரி அறிக்கைகளில் இது நான்காவது.

நான் முதலில் கேட்டது மழையளவுதான். ஜூன் முதல் டிசம்பர் வரை அந்தக் கிராமத்தின் மழைமானியில் பதிவானது 700 மில்லிமீட்டர். 300 ஹெக்டேரிலும் விழுந்த ஒவ்வொரு துளியையும் சேர்த்தாலும் 210 கோடி லிட்டர்தான் வரும். பெய்த மழையைப் போலப் பதினோரு மடங்கு தண்ணீர் பூமிக்குள் போயிருக்கிறதாம்! இந்தக் கணக்கை ஒருவர்கூட போட்டுப் பார்க்கவில்லை.

தவறு எங்கே என்றால், கிணற்றுக்குள் தெரியும் எட்டு மீட்டரும் முழுத் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் அதே எட்டு மீட்டரில் பெரும்பகுதி கல்லும் களியும்தான். நடுவில் இருக்கும் விரிசல்களிலும் உதிர்ந்த பாறையின் சந்துகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. அதிலும் எல்லாம் நம் கைக்கு வராது, களிமண் குடித்ததில் பாதிக்கு மேல் தானே பிடித்துவைத்துக்கொள்ளும். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது ஒரு கன மீட்டர் நிலம் எவ்வளவு தண்ணீரை வடியவிடுகிறதோ அந்தப் பங்குக்குப் பெயர் ஸ்பெசிபிக் ஈல்டு. நான் நீர் ஈவு என்று எழுதுவேன். ஆற்று மணலுக்கு அது 16 சதவீதம் அளவில் இருக்கும். களி கலந்த சிதைந்த கிரானைட்டுக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2015 வழிமுறை தரும் மதிப்பு 1.5 சதவீதம், களி குறைவாக இருந்தால் 3. இந்தக் கிராமம் முதல் வகை. அதாவது ஒரு மீட்டர் உயர்வு என்றால் 15 மில்லிமீட்டர் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

துளைமை 30 சதவீதம் என்று எங்கோ படித்துவிட்டு அதைப் போடுகிறவர்களும் உண்டு. துளைமை என்பது மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள காலி இடம். ஈவு என்பது அந்த இடத்திலிருந்து வெளியே வரும் தண்ணீர். இரண்டும் ஒன்றல்ல, தயவுசெய்து.

சரி, 1.5 சதவீதத்தைப் போட்டால் முடிந்ததா? எட்டு மீட்டருக்கு 120 மில்லிமீட்டர் வரும், மழையில் 17 சதவீதம். கெட்டிப்பாறைப் பூமியில் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கினாலே நல்ல வருடம். எனக்கு உறுத்தியது. கிணற்றைப் பார்க்கக் காலையிலேயே போனேன். கைப்பிடிச் சுவரோரம் நின்று டேப்பை இறக்கப் போனபோது கிணற்றுக்காரப் பெரியம்மா சொன்னார்: "இப்பத்தான் தம்பி மோட்டாரை நிறுத்தினேன், கொஞ்சம் இருங்க, ஏறட்டும்." மே மாதம் அளந்தவர்களிடமும் இதையே சொன்னாராம். அவர்கள் இருக்கவில்லை.

அந்த 17.4 நீர்மட்டமே இல்லை. மோட்டார் இழுத்துப் பள்ளமாக்கிய மட்டம். ஜனவரியில் வயல் ஈரம், மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் தன் இயல்பு மட்டத்தில் நின்றது. இந்த இரண்டின் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் பழைய தண்ணீர் திரும்பி ஏறியதுதான், மழைக்கு அதில் வேலையே இல்லை. அதே ஊரில் இறைக்காமல் கிடக்கும் ஐந்து கிணறுகளின் அளவு நீர்வளத் துறைப் பதிவைப் பார்த்து ஒருவர் எழுதி வைத்திருந்தார். அவற்றின் சராசரி உயர்வு 3.6 மீட்டர்.

நீர் ஈவை அட்டவணையிலிருந்து எடுப்பதை நான் முழுதாக நம்புவதில்லை. கோடையை வைத்துச் சரிபார்த்தேன். ஜனவரி முதல் மே வரை மழை இல்லை, அந்தக் காலத்தில் மோட்டார்கள் இறைத்தது, வயலில் திரும்ப இறங்கியது போக, சுமார் 15 கோடி லிட்டர். மட்டம் சராசரி 3.4 மீட்டர் இறங்கியது. 15 கோடியை 300 ஹெக்டேராலும் 3.4 மீட்டராலும் வகுத்தால் கிட்டத்தட்ட 1.5 சதவீதம். பக்கத்து நிலத்துக்கு அடியில் கசிந்துபோனது இதில் தெரியாது, அதனால் உண்மை ஈவு சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும் அட்டவணையோடு ஒத்துப்போவது ஒரு நிம்மதி.

இப்போது கணக்கு: 3.6 மீட்டருக்கு 54 மில்லிமீட்டர், ஊர் முழுக்க 16.2 கோடி லிட்டர். ஆனால் மழைக்காலத்திலும் இறைத்தார்கள் அல்லவா? ஏறிய தண்ணீரில் ஒரு பங்கை அப்போதே எடுத்துவிட்டதால்தான் மட்டம் இவ்வளவோடு நின்றது. அதைக் கூட்டாமல் விட்டால் ஊறலைக் குறைத்துச் சொல்கிறோம். 25 மோட்டார், நாளுக்கு 40 கன மீட்டர், 120 நாள் என்றால் 12 கோடி. அதில் திரும்ப இறங்கியதாக 3 கோடி கழித்துக்கொண்டேன். மொத்தம் 25.2 கோடி லிட்டர், மழையில் 12 சதவீதம். சற்றுத் தாராளம்தான், நம்பலாம்.

தடுப்பணையின் பங்கு? மேலே வந்த எண்ணில் மழையின் ஊறலும் சேர்ந்தே இருக்கிறது. அணை இல்லாத, அதே பாறையும் அதே மழையும் உள்ள பக்கத்து ஊரில் இறைக்காத கிணறுகள் 3.1 மீட்டர் ஏறியிருந்தன. இரண்டு ஊரிலும் மழைக்கால இறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அரை மீட்டர், 7.5 மில்லிமீட்டர், ஊருக்கு 2.25 கோடி லிட்டர். இரண்டு சின்ன அணைகள் சில முறை நிரம்பி வடிந்தால் வரக்கூடிய அளவுதான்.

களத்தில் இருப்பவர்களுக்கு: அளக்கும் கிணற்றில் முந்தைய நாள் முதல் மோட்டார் ஓடக்கூடாது. கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்து எழுதுங்கள், மறந்தால் முக்கால் மீட்டர் பிழை. மழை வெள்ளம் நேராகக் கிணற்றுக்குள் கொட்டுகிறதா என்று வாய்க்காலைப் பாருங்கள், அந்தக் கிணற்றை விட்டுவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றில் மட்டம் ஏறினால் இந்த 1.5 சதவீதத்தைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் உள்ள பாறை விரிசலில், ஏறும் உயரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு தண்ணீர் சேர்ந்தாலே போதும், மட்டம் மீட்டர் கணக்கில் ஏறும்.

திருத்திய எண்ணை அனுப்பினேன். "சார், 2.25 கோடி அட்டையில் எடுபடாதே" என்று போன் வந்தது. உள்ளே நாற்பதாம் பக்கத்தில் போட்டால் போதும், ஆனால் அட்டையில் அந்த 2,400 இருந்தால் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.