கெரியான்: தலையில் வரும் தேனடைப் படை

கெரியான் என்பது கிரேக்கச் சொல். அதற்குத் தேனடை என்று பொருள். மெழுகைக் குறிக்கும் 'கேரோஸ்' என்ற சொல்லின் வழியில் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் தம் மருத்துவ நூலில் இந்த நோயை விவரித்ததால், இதைக் 'கெரியான் செல்சி' என்றும் அழைப்பார்கள். குழந்தையின் தலையில் ஓரிடம் மெத்தென்று வீங்கி, அதன்மேல் பல சிறு துளைகள் வழியே பிசுபிசுப்பான சீழ் கசிவதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேனடையைப் பிழிந்தால் அறைக்கு அறை தேன் கசிவது போலத்தான் இருக்கும்.

நம் ஊரில் இதைப் பெரும்பாலும் 'தலையில் கட்டி' என்று சொல்லிவிடுகிறோம். என் சண்டை அந்தச் சொல்லோடுதான். கட்டி என்றதும் அடுத்து வருவது 'பழுக்கட்டும், கீறிவிடலாம்' என்ற பேச்சு. ஆனால் இது அந்தக் கட்டியல்ல. படர்தாமரையை உண்டாக்கும் அதே வகைப் பூஞ்சை, முடியிலும் முடிக்குழியிலும் புகுந்திருக்கிறது. அதை எதிர்த்து உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அளவுக்கு மீறிச் சீறுவதால் வரும் வீக்கம் இது. 'படை' என்ற சொல்லில் பூஞ்சை நோய் என்ற குறிப்பு இருக்கிறது. ஆகவே 'தேனடைப் படை' என்று சொன்னால் உருவமும் காரணமும் ஒருசேர விளங்கும். புழுவெட்டு என்று சொல்வதும் பொருந்தாது. அதில் தோல் வழவழப்பாக இருக்கும்; வீக்கமோ சீழோ இராது.

மாடு வளர்க்கும் வீட்டில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கன்றின் கண்ணையும் காதையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டிய வட்டங்கள். அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடுகிறான். சில வாரங்களில் அவன் உச்சந்தலையில் செதில் செதிலாக ஓர் இடம் தோன்றுகிறது. பொடுகு என்று எண்ணெய் தடவுகிறார்கள். பிறகு அது எலுமிச்சை அளவுக்கு வீங்குகிறது. அமுக்கினால் சேற்றில் விரல் பதிவது போல அமுங்குகிறது. பிடரியில் நெறி கட்டியிருக்கிறது. லேசான காய்ச்சலும் உண்டு. அந்த இடத்து முடியை இடுக்கியால் மெல்ல இழுத்தால், பிள்ளை முகம் சுளிக்காமலே கையோடு வந்துவிடுகிறது. பூஞ்சையைச் சந்தேகிக்க இது நல்ல அடையாளம். பிடுங்கிய முடியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்புவார்கள். சீழை மட்டும் சோதித்தால் பாக்டீரியா தென்பட்டு, அதுவே காரணம் என்று ஏமாற வாய்ப்புண்டு.

கீறக் கூடாது என்பதற்குக் காரணம் அந்தத் தேனடை அமைப்பே. வடித்துவிட உள்ளே ஒரே பையாகச் சீழ் தேங்கியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான முடிக்குழிகளில் சிறிது சிறிதாக இருக்கிறது. கத்தி வைத்தால் கொஞ்சம் ரத்தமும் சீழும் வரும், வீக்கம் வற்றாது. ஏற்கெனவே அழற்சியில் தவிக்கும் முடிக்குழிகள் வெட்டுப்பட்டுத் தழும்பாகும். தழும்பான இடத்தில் முடி மறுபடி முளைக்காது. சீயக்காய் போட்டுத் தேய்ப்பது, பொருக்கை நகத்தால் பெயர்ப்பது, சவரக்கத்தியால் மொட்டை அடிப்பது எல்லாம் இதே கேட்டைச் சிறிய அளவில் செய்கின்றன. புண்ணில் பாக்டீரியா புகவும் வழிவிடுகின்றன. பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவைத்தால் போதும், தானே இளகி வரும்.

மேலே பூசும் களிம்பு முடிக்குழியின் ஆழத்துக்குப் போகாது. ஆகவே வாய்வழி மருந்துதான் வேண்டும். கன்றிலிருந்து வந்த வகைக்கு டெர்பினாஃபின் நன்றாக வேலை செய்யும். பூனை, நாயிடமிருந்து வரும் வகைக்குக் கிரிசியோஃபுல்வின் ஏற்றது. அதைப் பாலோடு அல்லது கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் உடலில் நன்கு சேரும், பொதுவாக 6 முதல் 8 வாரம் வரை கொடுக்க வேண்டியிருக்கும். அளவைக் குழந்தையின் எடை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கீட்டோகோனசோல் ஷாம்பு பிறருக்குப் பரவுவதைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. கன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் உடன்பிறந்தவர்களின் தலையைப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலைகள்.

மருந்து தொடங்கிய சில நாளில் காதோரத்திலும் உடம்பிலும் அரிக்கும் சிறு பருக்கள் கிளம்பலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் இது பூஞ்சையை எதிர்த்து உடல் காட்டும் எதிர்வினை. பூஞ்சை அங்கெல்லாம் பரவிவிட்டது என்றும் பொருளில்லை. மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டினால், அரிப்புக்கு மட்டும் ஏதாவது எழுதிக்கொடுத்துப் பூஞ்சை மருந்தைத் தொடரச் சொல்வார்.