கரகரப்புக்குக் காரணம் கேபிள் இல்லை

ஆன்லைன் பாட்டு வகுப்பின் ரெக்கார்டிங் கரகரத்தால் நேரே ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுக் கேபிள். அதிலும் சரியாகாவிட்டால் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கப் புது இன்டர்ஃபேஸ். போதுங்க. ஒலி பதியும் ரீப்பர் மட்டும் ஓடும்போது சத்தம் சுத்தமாக இருந்து, வீடியோ பதியும் ஓபிஎஸ் கூடச் சேர்ந்ததும் கரகரத்தால் கேபிள்மேல் பழி போடாதீர்கள்.

இன்டர்ஃபேஸுக்குள் இருப்பது ஒரே கடிகாரம். ரீப்பர் அதை, விண்டோஸ் மிக்ஸரைத் தொடாத ஏஎஸ்ஐஓ டிரைவர் வழியாக, நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு, என்ற வேகத்தில் ஓட்டுகிறது; விண்டோஸும் ஓபிஎஸ்ஸும் 48,000 என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. நடுவில் டிரைவர் மாற்றிக் கொடுக்காவிட்டால் நொடிக்கு 3,900 சாம்பிள் துண்டு விழும். 480 சாம்பிள் கொண்ட பொட்டலங்களாகக் கணக்கிட்டால், நொடிக்கு எட்டுப் பொட்டலம் காலி. காதில் விழும் கரகரப்பு அந்த ஓட்டைகள்தான். இதுவே தலைகீழானால் சாம்பிள் மிஞ்சும்; சாம்பிள்கள் காத்திருக்கும் பஃபர் நிறையும்வரை தாமதம் வளரும், நிறைந்ததும் வெட்டு விழும்.

"பஃபரை 1024 ஆக்குங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கம்ப்யூட்டர் திணறுவதால் வரும் கரகரப்புக்கு அது மருந்து, இதற்கு இல்லை. மெட்ரோ வாட்டரே குறைவாக வரும்போது சம்ப்பைப் பெரிதாக வெட்டி என்ன பயன்? 3,900 துண்டு அப்படியே இருக்கும். ஓட்டைகள் எண்ணிக்கையில் குறைந்து ஒவ்வொன்றும் நீளமாகும். போதாததற்கு, 48,000-இல் 21 மில்லி நொடித் தாமதம் இலவசம்.

சில சமயம் கரகரப்பே இருக்காது, சுருதி இறங்கிவிடும். 48,000-இல் பதிந்ததை 44,100 என்று நினைத்து ஓட்டினால் 1 கட்டையில் பாடியது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் கேட்கும். 10 நிமிடப் பாட்டு 10 நிமிடம் 53 நொடி ஓடும். பாடியவர் மேல் தப்பில்லை.

செய்ய வேண்டியது இது. எல்லா ஆப்பையும் மூடுங்கள். விண்டோஸ் கீயோடு R அழுத்தி இதை அடியுங்கள்:

```
mmsys.cpl
```

Playback-இல் உங்கள் இன்டர்ஃபேஸ், Properties, பிறகு Advanced. அங்கே 48000 Hz தேர்ந்தெடுத்து, Exclusive Mode கீழே உள்ள இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். அந்த டிக் இருந்தால் ஒரு ஆப் விண்டோஸ் மிக்ஸரைத் தாண்டிக் கருவியைத் தனக்கே எடுத்துக்கொள்ளலாம், மற்றவை ஊமையாகும். இதையே Recording-லும் செய்யுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஏஎஸ்ஐஓ இந்த டிக்குக்குக் கட்டுப்படாது. ஆகவே இன்டர்ஃபேஸின் சொந்த கன்ட்ரோல் பேனல், ரீப்பர் பிராஜெக்ட், ஓபிஎஸ்ஸின் Settings > Audio மூன்றிலும் 48 என்றே இருக்கட்டும். ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தால்தான் மாற்றம் எடுக்கும்.

பிறகு தாளம் போட்டு ஐந்து நிமிடம் பதியுங்கள். கடைசித் தட்டும் வீடியோவில் கை படும் நொடியிலேயே விழுந்தால் சரியாகிவிட்டது. அப்போதும் கரகரத்தால், பஃபரைத் தொடுங்கள்.