மின்விசிறிக்குக் கீழே ஒரு மைக்

சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்கா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறார். வராத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பலாம் என்று ஒரு யுஎஸ்பி மைக் வாங்கினார். நான்காம் நாள் போன் வந்தது. "டேய், மீட்டர்ல சிவப்பே வரல. அப்புறம் இன்னாத்துக்கு கரகரன்னு கேக்குது?"

நியாயமான கேள்விதான். சத்தம் எல்லையைத் தொட்டால்தானே மீட்டர் சிவக்கும். போய்ப் பார்த்தேன். மே மாத வேலூர், மதியம் மூன்று மணி. தலைக்கு மேல் மின்விசிறி ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மைக் மேசையின் அந்தக் கோடியில், அவர் வாயிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளி நின்றது. குரல் சன்னமாகக் கேட்கிறதே என்று மைக்கின் மேலிருந்த, ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைக் கடைசி வரை திருகி வைத்திருந்தார். அதில் சத்தம் அதிகமாகிவிடவே, விண்டோஸில் இன்புட் வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தார். ஒன்றை ஏற்றி, இன்னொன்றை இறக்கி, சமன் செய்துவிட்டதாக நினைப்பு.

கரகரப்பு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். மைக் காற்றின் அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலையின் உயரத்தை ஒரு சிப் நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. 16 பிட் பதிவில் அந்த எண் 32,767-ஐத் தாண்ட முடியாது. ஒரு அதட்டலுக்கு 46,000 வேண்டியிருந்தாலும் 32,767 என்றே எழுதும். அடுத்தடுத்த அளவுகளுக்கும் அதே எண். அலையின் உச்சி சீவி எடுத்ததுபோல் தட்டையாகிவிடும். எங்கள் ஊர் மலைகளில் மரமில்லை என்று கேலி செய்வார்கள். அவற்றுக்கு உச்சியாவது இருக்கிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். தட்டையான இடத்தின் கூரான முனைகள் குரலில் இல்லாத புதிய ஓசைகளைக் கூட்டுகின்றன. காதுக்கு அது கரகரப்பு. பிறகு சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 32,767 என்பது 16,383 ஆகுமே தவிர, உச்சி திரும்ப முளைக்காது.

அந்த உச்ச அளவைத்தான் மீட்டரில் 0 டெசிபல் என்று குறிக்கிறார்கள். மற்றதெல்லாம் அதற்குக் கீழே, மைனஸில். அலையின் உயரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் ஏறும். இந்த ஒரு கணக்கு போதும்.

அக்காவின் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து, கரகரத்த இடத்தைப் பெரிதாக்கினேன். உச்சிகள் தட்டையாகத்தான் இருந்தன, ஆனால் 0-இல் அல்ல. எல்லாம் ஒரே கோட்டில், சரியாக -8-இல். அதுதான் தடயம். குமிழ் கடைசி வரை இருந்ததால் மைக்குக்குள்ளேயே அலை சீவப்பட்டுவிட்டது. சீவப்பட்ட அலையைத்தான் விண்டோஸ் 8 டெசிபல் இறக்கி மீட்டரிடம் கொடுத்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்ததைச் சொன்னது. எல்லா யுஎஸ்பி மைக்கிலும் இப்படி நடக்காது. சிலவற்றில் விண்டோஸ் வால்யூமே மைக்கின் உள் கெயினை மாற்றும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, வால்யூமைக் கீழே வைத்து மைக் அருகே ஒருமுறை கத்திப் பதிவு செய்யுங்கள். 0-க்குக் கீழேயே ஒரே கோட்டில் தட்டை விழுந்தால், குறைக்க வேண்டியது குமிழை.

குமிழைக் குறைத்தால் கரகரப்பு போகும், சரி. ஆனால் குமிழ் ஏன் அவ்வளவு தூரம் ஏறியது? மைக் 40 செ.மீ. தள்ளி இருந்ததால்.

தூரம் பாதியானால் குரலின் அலை இரட்டிப்பாகும். 6 டெசிபல் லாபம். சுவர்களின் எதிரொலி சேரும்போது கணக்கு கொஞ்சம் பிசகும், ஆனால் போக்கு இதுதான். யுஎஸ்பி மைக்குக்குப் பதில் ஹெட்செட் மாட்டினால், அதன் மைக் வாயிலிருந்து 5 செ.மீ.தான். 40-லிருந்து 20, 10, 5 என்று மூன்று முறை பாதியாகிறது. ஆக 18 டெசிபல். மின்விசிறியோ இரண்டு மைக்குக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. குரல் மட்டும் 18 டெசிபல் ஏற, விசிறி இருந்த இடத்திலேயே இருக்கும். விசிறியை நிறுத்த முடியாத ஊரில், பெட்டியில் போட்டிருக்கும் எந்தப் பெருமையும் இதற்கு ஈடாகாது.

அது மட்டுமல்ல. அக்கா பாடம் நடத்தும்போது ஓரிடத்தில் இருப்பவர் இல்லை. நோட்டைப் பார்க்கக் குனிவார், பலகைப் பக்கம் திரும்புவார். யுஎஸ்பி மைக்கை ஒரு சாண், அதாவது 20 செ.மீ. தூரத்தில் வைத்து உச்சி -4-இல் நிற்கும்படி அமைத்தோம் என்று வையுங்கள். அவர் குனிந்து 10 செ.மீ. ஆனதும் 6 டெசிபல் ஏறி +2 ஆக வேண்டும். அப்படி ஒரு இடமே இல்லை, உச்சி போச்சு. ஹெட்செட் தலையோடு திரும்புவதால் ஒருமுறை அமைத்த அளவு அப்படியே நிற்கும்.

குரலின் கனம் என்று பார்த்தால் யுஎஸ்பி மைக்கே மேல். ஹெட்செட்டின் சின்ன மைக்கில் குரல் ஒல்லியாகத்தான் வரும். ஆளும் அசையாமல், அறையும் அமைதியாக இருந்தால் நான் ஹெட்செட்டைத் தொடமாட்டேன். ப்ளூடூத் ஹெட்செட் வேறு கதை. அதில் மைக்கைத் திறந்ததும் பெரும்பாலும் போன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும்; பாடம் பதிவு செய்ய வேண்டாம்.

வீட்டில் அக்கா மகன் கேம் ஆடுகிற ஹெட்செட் ஒன்று இருந்தது, 3.5 மி.மீ. பின் வைத்தது. அதை மாட்டி, மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் வாயின் ஓரத்துக்கு, இரண்டு விரல் தள்ளி ஒதுக்கினேன். நேரே இருந்தால் "ப்ப" வரும் இடமெல்லாம் மூச்சு மோதி உச்சியைத் தட்டும். பின் வகை ஹெட்செட்டில் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று. விண்டோஸில் `mmsys.cpl` என்று தட்டி, `Recording` பகுதியில் மைக்கின் `Properties`, அதில் `Levels`. அங்கே `Microphone Boost` +30-இல் இருந்தது. எண்ணாக மாறும் முன்பே ஏற்றுகிற பூஸ்ட் இது. மைக்கின் குமிழ் செய்த அதே வேலை. +10-க்கு இறக்கினேன்.

"பேசுங்க" என்றேன். "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றார், கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர் மாதிரி அடக்கமாக. அதை வைத்து அளவு அமைத்தால் பாடம் தொடங்கியதும் வெடிக்கும். பிள்ளைகளை அதட்டுவது போல் பேசச் சொன்னேன். "டேய், பின்னாடி இன்னாடா பேச்சு?" மீட்டர் -3-க்கு எகிறியது. வால்யூமைக் குறைத்து, அதே அதட்டலை மறுபடி சொல்லச் சொல்லி, -10-இல் நிறுத்தினேன். சாதாரணப் பேச்சு -20-ஐ ஒட்டி வந்தது. "ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார். இருக்கட்டும். 16 பிட் பதிவில் 0-க்குக் கீழே சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது. அவர் அறையில் விசிறியின் இரைச்சல் அந்த அடிமட்டத்துக்கு வெகு மேலே. அதனால் அளவைக் குறைத்ததில் நஷ்டமில்லை; பதிவான பிறகு ஆடாசிட்டியில் `Amplify` கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

நேரலை வகுப்புக்கு இன்னொரு வேலை. ஜூமில் `Automatically adjust microphone volume` என்பதை எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் அவர் பலகையில் எழுதும் மௌனத்தில் அது அளவை ஏற்றிக்கொண்டே போகும்; விசிறி பெரிதாகும், அவர் திரும்பிப் பேசும் முதல் சொல் வெடிக்கும்.

யுஎஸ்பி மைக்கும் வீணாகவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு, விசிறியை நிறுத்தினாலும் தாங்கும் அந்த அரை மணி நேரத்தில், ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து மாதிரி வினாத்தாளை வாசித்துப் பதிவு செய்கிறார். குமிழ் கால் பங்கில் நிற்கிறது. அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறார், மகன் கை படாமல் இருக்க.